தமிழிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதிய பழைய பிறப்புச் சான்றிதழ்: விவரங்களை எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் கொஞ்சம் வேறு மாதிரி ஒரு பெயர். எதைத் தட்டச்சு செய்வது?

இரண்டையும். தமிழுக்கு ஒரு நெடுவரிசை, ஆங்கிலத்துக்கு ஒரு நெடுவரிசை. எது சரி என்ற முடிவை எடுப்பது விவரம் எடுப்பவரின் வேலை இல்லை.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கணினிச் சான்றிதழ் வருவதற்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழ்களைப் பற்றியது. படிவம் அச்சடித்தது, தலைப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், எதிரே இருக்கும் காலி இடத்தை எழுத்தர் பேனாவால் நிரப்பியிருப்பார். அந்தப் படிவத்தின் மேல்பகுதியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கீழ்க்கண்ட விவரங்கள் மூலப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்று சான்றளிக்கும் வாசகம் இருக்கும். ஆக, கையில் இருப்பதே ஒரு பிரதிதான். பதிவேட்டில் பெரும்பாலும் ஒரு மொழியில்தான் எழுதியிருப்பார்கள். இரண்டாவது மொழி, சான்றிதழ் வழங்கிய அன்று எழுத்தர் தன் காதுக்குப் பட்டபடி எழுதிச் சேர்த்தது. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போவதில்லை.

எது பதிவேட்டிலிருந்து வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். வீட்டில் பிறந்து கிராமத்தில் பதிவானது என்றால், கிராம நிர்வாக அலுவலர் தமிழில் எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அங்கிருந்து போன அறிக்கை ஆங்கிலத்தில் இருந்திருக்கலாம். ஆனால் இது ஊகம்தான். குறிப்பு நெடுவரிசையில் எழுதலாம், பெயரை மாற்றுவதற்குப் பயன்படுத்தக்கூடாது.

ஆங்கில இடம் காலியாக இருக்கிறது. தமிழைப் பார்த்து நானே ஆங்கிலத்தில் எழுதிவிடலாமா?

கூடாது. காலி என்றால் காலி என்றே பதிய வேண்டும்.

தமிழ் எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போக ஒரே வழி கிடையாது. மகாதேவன் என்பதை Mahadevan என்றும் எழுதுவார்கள், Magadevan என்றும் எழுதுவார்கள். கந்தசாமி ஒருவர் வீட்டில் Kandasamy, இன்னொருவர் வீட்டில் Kandaswami. அவருடைய பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் எது இருக்கிறதோ அதுதான் அவருக்குப் பெயர். நீங்கள் நல்லெண்ணத்தில் ஒன்றை நிரப்பினால், நாளைக்கு அந்தத் தாளைப் பார்ப்பவருக்கு அது சான்றிதழில் இருந்ததா, நீங்கள் போட்டதா என்று தெரியாது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் வழி இன்னும் மோசம். ல, ள, ழ மூன்றும் பல கைகளில் l ஆகிவிடுகின்றன. ந, ன, ண மூன்றும் n. குறில் நெடில் வித்தியாசமும் போய்விடும். Mani என்று ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் மணி என்று மனம் தானாகப் படிக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது சரியாகவும் இருக்கும். சிக்கல் மிச்சமிருப்பவர்களுக்குத்தான்.

மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலை என்றால் ஆங்கில வடிவம் ஒன்று தேவைப்படும்தான். அப்போது மூன்றாவதாக ஒரு நெடுவரிசை வைத்து, "சான்றிதழில் இல்லை, குடும்பத்தார் கொடுத்த எழுத்துக்கூட்டல்" என்று மூலத்தைச் சொல்லி எழுதுங்கள்.

எந்தெந்த விவரங்களை எடுக்க வேண்டும்? எல்லாமே வேண்டுமா?

பெயர், பாலினம், பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் பெயர், தந்தை பெயர், பெற்றோர் முகவரி, பதிவு எண், பதிவு தேதி, குறிப்பு, வழங்கிய தேதி, வழங்கிய அலுவலகம். 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் படிவங்களில் இவை பெரும்பாலும் இருக்கும். முகவரி சில படிவங்களில் இரண்டு: குழந்தை பிறந்த சமயத்தில் இருந்த முகவரி, நிரந்தர முகவரி.

எல்லாரும் விட்டுவிடுவது குறிப்புக் கட்டத்தை. அதில் ஒன்றும் இல்லை என்றால் அதையும் பதியுங்கள். திருத்தம், பின்னால் பெயர் சேர்த்தது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு பிழை, பதிவு தேதியையும் வழங்கிய தேதியையும் மாற்றிப் போடுவது. வழங்கிய தேதி பெரும்பாலும் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் பக்கத்தில், படிவத்தின் கீழே இருக்கும். பிறந்து பத்துப் பதினைந்து வருடம் கழித்து பள்ளிக்காகவோ வேலைக்காகவோ வாங்கிய சான்றிதழ் என்றால் இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் அத்தனை வருட இடைவெளி இருக்கும். அது பிழை இல்லை.

சில எழுத்துகள் எந்த எழுத்து என்றே புரியவில்லை. தமிழ்தானா அது?

தமிழ்தான், பழைய தமிழ். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போடும் வரை 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசையான ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ, அப்புறம் ணை, லை, ளை, னை.

பழைய லை-யில் இன்று நாம் முன்னால் போடும் ஐகாரக் குறி இருக்காது. எழுத்தின் தலையில் துதிக்கை மாதிரி ஒரு சுழி ஏறி நிற்கும். ளை, னை, ணை மூன்றும் அதே மாதிரிதான். பழைய னா, ணா, றா ஆகியவற்றில் தனியாகக் கால் நிற்காது. எழுத்தின் கடைசிக் கோடு கீழே இறங்கி வளைந்து சுழியும். பழக்கம் இல்லாதவர்கள் சுழியைப் பேனா இழுப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்போது கலை என்பது கல ஆகும், அண்ணாமலை என்பதில் இரண்டு இடத்தில் அடி விழும்.

ஆணை வந்தது 1978-ல் என்பதால் அதற்குப் பிந்தைய சான்றிதழில் இந்தப் பிரச்சினை இருக்காது என்று நினைக்கவேண்டாம். மாறியது அச்சுதான். நாற்பதுகளில் எழுதப் படித்த எழுத்தர், தொண்ணூறுகளில் ஓய்வு பெறும் வரை தன் கைப்பழக்கத்தில்தான் எழுதினார். ஒரே பெயரில் ஓர் எழுத்து புதிய வடிவம், இன்னொன்று பழைய வடிவம் என்றும் பார்க்கலாம்.

தட்டச்சு செய்யும்போது இன்றைய வடிவத்தையே போடுங்கள். யூனிகோடில் பழைய லை-க்குத் தனி எழுத்து கிடையாது. அது எழுத்துருவின் தோற்றம் மட்டும்தான், எழுத்து ஒன்றே.

புள்ளி வைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ர எது, துணைக்கால் எது என்றும் தெரியவில்லை. எப்படிப் படிப்பது?

வேகமாக எழுதும் கை முதலில் விடுவது புள்ளியைத்தான். கநதசாமி என்று இருந்தால் கந்தசாமி என்று படித்துவிடுவோம், அதில் குழப்பம் இல்லை. ஆனால் இரண்டு விதமாகவும் படிக்க முடிகிற இடங்கள் உண்டு. ர-வும் துணைக்காலும் பல கைகளில் ஒரே மாதிரி இருக்கும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதும் அப்படியே, செல்வி, சேல்வி என்று இரண்டுக்கும் ஒரே சுழி.

அதே தாளுக்குள்ளேயே விடை தேடுங்கள். ஒரே எழுத்தர் அந்தப் படிவத்தில் இன்னும் இருபது முப்பது சொற்கள் எழுதியிருப்பார். அவற்றில் மாவட்டம், தெரு, நகராட்சி, மாதப் பெயர் போன்று உங்களுக்கு விடை தெரிந்த சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் என்ற சொல்லில் அவர் துணைக்கால் எப்படிப் போட்டிருக்கிறார், தெருவில் ர எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வாருங்கள். சந்தேகமான எழுத்து எந்தப் பக்கம் போகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆங்கில வடிவத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தமிழில் இரண்டு விதமாகப் படிக்க முடிகிற இடத்தில் மட்டும். தமிழ் தெளிவாக ஒன்றைச் சொல்லும்போது ஆங்கிலத்தை வைத்து அதைத் திருத்தக்கூடாது.

விடுபட்ட புள்ளியைப் போடலாமா என்றால், போடலாம். ஆனால் உள்ளபடி எழுதும் நெடுவரிசையில் இல்லை, நீங்கள் படித்துப் புரிந்துகொண்டதை எழுதும் வாசிப்பு நெடுவரிசையில். இரண்டு நெடுவரிசை வைத்துக்கொள்வது வேலையை இரட்டிப்பாக்கும் என்று முதலில் தோன்றும். நூறு சான்றிதழில் எண்பதில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், நகல் எடுத்து ஒட்டிவிடலாம்.

தாய் பெயர் கட்டத்தில் "க/பெ கந்தசாமி" என்று இருக்கிறது. பாலினத்தில் வெறும் "பெ". இதெல்லாம் என்ன?

த/பெ என்றால் தந்தை பெயர், க/பெ என்றால் கணவர் பெயர். S/o, D/o, W/o என்று ஆங்கிலத்தில் எழுதுவதன் தமிழ் வழக்கம். தாய் பெயர் கட்டத்தில் "பழனியம்மாள் க/பெ கந்தசாமி" என்று இருந்தால் தாய் பெயர் பழனியம்மாள் மட்டும்தான். உள்ளபடி நெடுவரிசையில் முழுவதையும் எழுதி, வாசிப்பில் பிரித்துவிடுங்கள். பாலினக் கட்டத்தில் இருக்கும் பெ பெண் என்பதன் சுருக்கம். அதே எழுத்துதான், கட்டம் வேறு.

முதலெழுத்தில்தான் அதிகம் கவனம் வேண்டும். தமிழில் முதலெழுத்து பெரும்பாலும் உயிர்மெய்யாக வரும், மு., சு. என்று. இரா. என்று இரண்டு எழுத்தாகவும் வரும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. சி. என்பது ஒருவருக்கு C, இன்னொருவருக்கு S. இரா. என்பது R. ஞா. என்பது G-யாகவும் வரும், N-ஆகவும் வரும். எனவே தமிழ் முதலெழுத்தைத் தமிழாகவே விடுங்கள். அப்பா பெயர் பக்கத்திலேயே இருக்கிறதே, அதை வைத்து விரித்து எழுதிவிடலாமே என்ற ஆசை வரும். முதலெழுத்து எப்போதும் அப்பா பெயரிலிருந்து மட்டும் வருவதில்லை. ஊர்ப் பெயரும் சேர்ந்து இரண்டு முதலெழுத்து வைக்கும் வழக்கமும் உண்டு.

தேதியில் 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் எழுத்தால் எழுதிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பல படிவங்களில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருப்பார்கள். ஏழு என்பதை ஒன்று என்று யாரும் படிக்க மாட்டார்கள்.

இல்லாவிட்டால் பதிவு தேதியைப் பாருங்கள். பிறப்பதற்கு முன்னால் பதிவு செய்ய முடியாது. பதிவு தேதி 4-11-84 என்றால், பிறந்த தேதி 7-11-84 ஆக இருக்க வழியில்லை, 1-11-84 ஆகத்தான் இருக்கவேண்டும். அதுவும் உதவாவிட்டால், அதே தாளில் அவர் எழுதிய வேறு 1, 7 எவை என்று தேடுங்கள். பதிவு எண், கதவு எண், வழங்கிய தேதி எல்லாவற்றிலும் எண்கள் இருக்கும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் பழக்கமும் சிலருக்கு இருந்தது, 7-XI-84 என்று. அதைப் 11 என்று வாசிப்பில் போடுங்கள்.

பதிவு எண்ணைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு காலண்டர் ஆண்டும் எண் புதிதாக 1-லிருந்து தொடங்கும். 846/84 என்றால் 1984-ல் பதிவான 846-வது பிறப்பு. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது பதிவான ஆண்டு, பிறந்த ஆண்டு அல்ல. டிசம்பர் கடைசியில் பிறந்து ஜனவரியில் பதிவானால் இரண்டும் வேறாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டு பிறந்த வருடத்தைத் "திருத்துபவர்கள்" இருக்கிறார்கள். ஒரே அலுவலகத்தின் ஒரே ஆண்டுச் சான்றிதழ்கள் பல உங்களிடம் இருந்தால், எண் கூடக்கூட பதிவு தேதியும் முன்னே போக வேண்டும். போகாத இடத்தில் ஏதோ ஒன்றைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

சான்றிதழில் "பெரியார் மாவட்டம்" என்று இருக்கிறது. அப்படி ஒரு மாவட்டமே இல்லையே?

இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பிரித்து 1979-ல் உருவானது, பின்னால் ஈரோடு மாவட்டம் ஆனது. மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைப்பதை 1997-ல் அரசு நிறுத்தி, தலைநகரின் பெயரையே மாவட்டத்துக்கும் வைத்தது. அதற்கு முந்தைய சான்றிதழ்களில் காமராஜர் மாவட்டம் என்றால் விருதுநகர், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்றால் சிவகங்கை, சிதம்பரனார் மாவட்டம் என்றால் தூத்துக்குடி. இன்னும் பழையதில் N.A. Dt, S.A. Dt என்று சுருக்கி எழுதியிருப்பார்கள், வட ஆற்காடு, தென் ஆற்காடு.

உள்ளபடி நெடுவரிசையில் பழைய பெயரையே எழுதுங்கள். இன்றைய மாவட்டம் வேண்டுமென்றால் தனி நெடுவரிசை. தென் ஆற்காட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடலூர் என்று மாற்றினால், விழுப்புரம் பக்கத்து ஊர்கள் எல்லாம் தப்பாகிவிடும். அந்த மாவட்டம் 1993-ல் இரண்டாகப் பிரிந்தது. வட்டத்தின் பெயரைப் பார்த்துதான் முடிவு செய்யவேண்டும். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தொடாதீர்கள். Trichy, Tuticorin, Tanjore என்று எழுத்தர் எழுதியிருந்தால் அதுவேதான்.

குழந்தை பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. படிவம் குறைபாடு உள்ளதா?

இல்லை. பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பிறப்பைப் பதிவு செய்துவிடலாம், பெயரைப் பின்னால் சேர்க்கலாம். சட்டத்தின் 14-வது பிரிவு அதற்குத்தான். பழைய சான்றிதழ்களில் பெயரில்லாதவை ஏராளம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, வெறுமை எந்த வகை என்பதை. ஒன்றும் எழுதாமல் விட்டது, கோடு போட்டது, "பெண் குழந்தை" என்று எழுதியது, எழுதியிருந்தும் படிக்க முடியாதது என்று நான்கும் வேறு வேறு. நான்குக்கும் ஒரே வெற்றுக் கட்டத்தை விட்டால், பின்னால் யாராவது பெயர் சேர்க்க விண்ணப்பிக்கும்போது அந்த விவரம் உதவாது. சதுர அடைப்புக்குள் [எழுதவில்லை], [கோடு], [படிக்க முடியவில்லை] என்று ஒரே சொற்களை எல்லோரும் பயன்படுத்துங்கள்.

ஒரு சான்றிதழை முழுக்க எடுத்துக் காட்ட முடியுமா?

சரி, ஒரு மாதிரி. பெயர்கள் கற்பனை, ஊரை விட்டுவிடுகிறேன். இப்படிப்பட்ட சான்றிதழ் நிறைய வரும்.

அச்சிட்ட படிவம், ஒரு நகராட்சி 1998-ல் வழங்கியது. குழந்தை பெயர் தமிழில், பழைய லை-யுடன் கலைவாணி. அதன் கீழே ஆங்கிலப் பெரிய எழுத்தில் KALAVANI. பிறந்த தேதி எண்ணால் 7-11-84, முதல் எண் 1 போலவும் தெரிகிறது. எழுத்தால் "ஏழு நவம்பர்" என்று தொடங்குகிறது. பதிவு எண் 846/84, பதிவு தேதி 9-11-84. தாய் பெயர் கட்டத்தில் "பழனியம்மாள் க/பெ கநதசாமி". தந்தை பெயர் ஆங்கிலத்தில் மட்டும், Kandaswamy. கையால் எழுதிய மாவட்டம் பெரியார், முத்திரையில் ஈரோடு. குறிப்பில் "பெயர் பின்னர் சேர்க்கப்பட்டது". கீழே raw என்பது உள்ளபடி, read என்பது வாசிப்பு.

```
child_ta_raw   : கலைவாணி
child_en_raw   : KALAVANI
dob_fig_raw    : ?-11-84
dob_words_raw  : ஏழு நவம்பர் ...
dob_read       : 1984-11-07
reg_no         : 846/84
reg_date       : 1984-11-09
mother_ta_raw  : பழனியம்மாள் க/பெ கநதசாமி
mother_ta_read : பழனியம்மாள்
mother_en_raw  : [எழுதவில்லை]
father_ta_raw  : [எழுதவில்லை]
father_en_raw  : Kandaswamy
district_raw   : பெரியார்
district_now   : ஈரோடு
remarks_raw    : பெயர் பின்னர் சேர்க்கப்பட்டது
```

தேதியில் பதிவு தேதி உதவவில்லை என்பதைப் பாருங்கள். 1-ம் தேதி பிறந்தாலும் 7-ம் தேதி பிறந்தாலும் 9-ம் தேதி பதிவு செய்திருக்கலாம். எழுத்தால் எழுதியதுதான் தீர்த்து வைத்தது. தந்தை பெயர் தமிழில் க/பெ-யில் கிடைத்துவிட்டதே, அதை தந்தைக் கட்டத்தில் போடலாமே என்றால், வேண்டாம். அது தாய் பெயர் கட்டத்தில் இருந்தது. தேவைப்பட்டால் உங்கள் குறிப்பு நெடுவரிசையில் "தாய் கட்டத்தில் கணவர் பெயர் கந்தசாமி" என்று எழுதலாம். முத்திரையில் ஈரோடு இருப்பது முரண் அல்ல, பதிவேடு 1984-ல் எழுதியது, முத்திரை 1997-க்குப் பின் செய்தது.

அப்புறம் பெயர். KALAVANI-யில் ஐகாரத்தின் I விடுபட்டிருக்கிறது. பேச்சில் நாம் கலவாணி என்று சொல்வதை எழுத்தர் அப்படியே எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது தமிழாக்கினால் அந்தப் பெண் களவாணி ஆகிவிடுவார். நாம் செய்ய வேண்டியது இரண்டையும் எழுதி, "தமிழ் தெளிவு, ஆங்கிலத்தில் ஐகாரம் இல்லை" என்று ஒரு வரி சேர்ப்பது மட்டும்.

முத்திரை பெயருக்கு மேலேயே விழுந்திருக்கிறது. எப்படிப் பிரித்துப் படிப்பது?

வண்ணத்தில் ஸ்கேன் செய்திருந்தால் வழி உண்டு. கருப்பு வெள்ளையில் செய்திருந்தால் மையும் முத்திரையும் ஒன்றாகிவிடும், அதை மீட்க முடியாது. 300 டிபிஐ, வண்ணம், பிஎன்ஜி கோப்பு. இதுதான் நான் சொல்லும் குறைந்தபட்சம்.

நீல மையில் எழுதி, சிவப்பு அல்லது சிவப்புச் சாயலுள்ள ஊதா முத்திரை குத்தியிருந்தால் படத்தின் சிவப்புத் தடத்தை மட்டும் தனியாக எடுங்கள். அதில் நீல மை கருப்பாகத் தெரியும், சிவப்பு முத்திரை மங்கிப்போகும். ஊதா முத்திரையில் எவ்வளவு சிவப்பு இருக்கிறதோ அவ்வளவு மங்கும். இமேஜ்மேஜிக் மென்பொருளில் கட்டளை இது.

```
magick page.png -channel R -separate red.png
```

முத்திரையும் கையெழுத்தும் ஒரே நீலம் என்றால் இது பலிக்காது. மூலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுதான் மிச்சம். பந்துமுனைப் பேனா தாளை அழுத்தியிருக்கும், முத்திரை அழுத்தாது. லேமினேட் செய்த சான்றிதழில் அதுவும் போச்சு.

மென்பொருள் கொண்டு படித்துவிட முடியாதா?

அச்சிட்ட தலைப்புகளைப் படிக்கும். கையெழுத்தை நம்ப முடியாது. டெசராக்ட் போன்றவை அச்செழுத்துக்காகப் பயிற்றப்பட்டவை. கையெழுத்தைக் கொடுத்தால் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லாமல் ஏதாவது எழுத்துகளைக் கொட்டிவிடும்.

ஆனால் அதை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். "தாயின் பெயர்" என்ற அச்சுத் தலைப்பு பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அது சரியாகச் சொல்லும். அந்த இடத்தை வைத்து எதிரே உள்ள கட்டத்தை வெட்டி எடுத்து, தட்டச்சு செய்பவருக்குக் கட்டம் கட்டமாகக் காட்டினால் வேலை வேகமாகும், தந்தை பெயரைத் தாய் கட்டத்தில் போடும் பிழையும் குறையும்.

```
tesseract page.png out -l tam+eng --psm 6 tsv
```

ஒவ்வொரு சொல்லும் அதன் இடமும் `out.tsv` கோப்பில் வரும். கட்டத்தை வெட்டும்போது மேலும் கீழும் தாராளமாக விடுங்கள். கொம்பும் சுழியும் கோட்டைத் தாண்டித்தான் போகும்.

வெட்டிய கட்டங்களை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பார்க்காமல் தட்டச்சு செய்து, வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவர் பார்ப்பது நல்ல முறை. அந்த மூன்றாமவர் பழைய எழுத்து தெரிந்த மூத்தவராக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு பேரும் ஒரே பெயரைத்தான் தட்டச்சு செய்தோம். எக்செல் வேறு வேறு என்கிறது. ஏன்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கிறது. கொ என்பதை ஒருவர் விசைப்பலகை ஒரே குறியாக (ொ) போடும், இன்னொன்று ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் போடும். இதைச் சரிசெய்ய பைத்தானில் ஒரு வரி போதும்.

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s).strip()
```

இது தீர்க்காத மூன்று இருக்கின்றன. ஔகாரக் குறிக்குப் பதில் ள எழுத்தைத் தட்டுவது, கௌரி பெயர்களில் இதைத் தேடிப் பாருங்கள். ஸ்ரீ-யை ஸ வைத்தும் ஶ வைத்தும் இரண்டு விதமாக எழுத முடிவது. கண்ணுக்குத் தெரியாத `U+200C` போன்ற குறி நடுவில் வந்து உட்காருவது. மூன்றையும் தேடி மாற்ற வேண்டியதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்.

தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகவில்லை என்று சம்பந்தப்பட்டவரிடம் சொன்னேன். "நீங்களே சரியானதைப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார். என்ன சொல்வது?

பதிவாளரிடம் போகச் சொல்லுங்கள். பதிவைத் திருத்தும் அதிகாரம் அவருக்குத்தான், சட்டத்தின் 15-வது பிரிவின் கீழ். பிழை என்று நிரூபணமானால், மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவார். பிறகு புதிய சான்றிதழ் கிடைக்கும்.

அதற்கு முன்னால் அவர் கேட்க வேண்டிய கேள்வி, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பது. பதிவேட்டில் பெயர் சரியாக இருந்து, சான்றிதழில் நகல் எடுக்கும்போது மட்டும் பிழை விழுந்திருந்தால், திருத்தவேண்டியது பதிவேடு இல்லை. மறுபடி ஒரு சான்றிதழ் வாங்கினாலே போதும். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து வேறுபடுகிறது என்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பை பதிவு எண்ணோடும் பதிவு தேதியோடும் ஒரு தாளில் கொடுத்தனுப்புங்கள். ஆண்டும் எண்ணும் இருந்தால் பழைய பதிவேட்டில் அந்தப் பக்கத்தை எடுப்பது எளிது. சான்றிதழில் வெள்ளை மை பூசித் திருத்தி எடுத்துவந்தால் அதை உள்ளபடி நெடுவரிசையில் "மேலெழுத்து, கையொப்பம் இல்லை" என்று பதியுங்கள். அடியில் என்ன இருந்தது என்று சுரண்டிப் பார்க்க வேண்டாம்.